வெள்ளைக் கரு ஆம்லெட் ஏன் ரப்பராகிறது? – கேள்வி பதில்

கேள்வி: முழு முட்டையில் செய்யும் ஆம்லெட் மெத்தென்று வருகிறது. அதே அடுப்பு, அதே தவா, அதே நேரம்தான்; மஞ்சள் கருவை நீக்கிவிட்டுச் செய்தால் மட்டும் கடிக்கவே முடியாமல் ரப்பர்போல் ஆகிவிடுகிறது. ஏன்?

அந்த ‘அதே நேரம்’ என்பதில்தான் பாதிக் காரணம் இருக்கிறது. வெள்ளைக் கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி புரதம். கொழுப்பு என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. பச்சை நிலையில் சுருண்டு கிடக்கும் புரத இழைகள் சூடு பட்டதும் பிரிந்து, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வலைபோல் பின்னிக்கொள்கின்றன. அந்த வலையின் கண்களுக்குள் தண்ணீர் தங்கி நிற்கும் வரை ஆம்லெட் மென்மையாக இருக்கும். அதற்கு மேலும் சூடு ஏறினால் வலை இறுகி, ஈரத்துணியைப் பிழிவதுபோல் தன்னிடமிருந்த தண்ணீரைத் தானே வெளியே தள்ளிவிடுகிறது. முழு முட்டையில் மஞ்சள் கருவின் கொழுப்பும் லெசித்தினும் இந்த இழைகளுக்கு நடுவே புகுந்து அவை அதிகம் நெருங்காமல் தடுப்பதால், நாம் அரை நிமிடம் கவனம் தவறினாலும் பெரிய கேடு வருவதில்லை. வெள்ளைக் கரு தனியாக இருக்கும்போது அந்தச் சலுகை கிடையாது.

மீதிப் பாதிக் காரணம் பலருக்குத் தெரியாதது. வெள்ளைக் கரு ஒரே வெப்பநிலையில் இறுகுவதில்லை. அதிலுள்ள ஓவோடிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் இறுகத் தொடங்குவதால், கரு பால்போல் வெளுக்கிறது. ஆனால் மொத்தப் புரதத்தில் பாதிக்கு மேல் இருக்கும் ஓவால்புமின் 80 டிகிரியை நெருங்கினால்தான் இறுகும். இந்த இரண்டுக்கும் இடையில் மேற்பரப்பு வெளுத்தும் வழவழவென்றும் இருப்பதைப் பார்த்து, ‘இன்னும் வேகவில்லை’ என்று நாம் காத்திருக்கிறோம். அதற்குள் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் அடிப்பாகம் 100 டிகிரியைத் தாண்டிவிடுகிறது.

நன்றாக ரப்பராகிப்போன ஓர் ஆம்லெட்டைக் கத்தியால் குறுக்கே வெட்டி, வெட்டிய விளிம்பைக் கூர்ந்து பாருங்கள். அடியில் கண்ணாடித்தாள்போல் ஓர் இறுகிய தோல் இருக்கும். அதற்கு மேலே ஊசியால் குத்தியதுபோல் சிறு துளைகள் தெரியும். உச்சியில் மட்டும் மென்மை மிச்சமிருக்கும். அந்தத் துளைகள், உள்ளிருந்த தண்ணீர் கொதித்து ஆவியாக வெளியேறிய வழிகள். முழுவதும் கெட்டதுபோல் வாயில் தோன்றினாலும், உண்மையில் கெட்டது கீழ்ப்பாதிதான்.

கேள்வி: அடி சிவக்கிறது, மேலே ஈரமாகவே இருக்கிறது. திருப்பிப் போட்டால் காய்ந்துவிடுகிறது. திருப்பாமல் எப்படி வேகவைப்பது?

முதலில், சிவக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பையே விட்டுவிட வேண்டும். முட்டையின் மேற்பரப்பு சிவக்கிறது என்றால் அந்த இடத்தில் தண்ணீர் வற்றிவிட்டது என்றுதான் பொருள். மஞ்சள் நிறம் இல்லாத ஆம்லெட் வெளிறித் தெரிவதால், நிறம் வரட்டும் என்று கைகள் தாமாகவே அதைக் கூடுதலாக வேகவிடுகின்றன. மேற்புறத்தை வேகவைக்கும் வேலையை உலோகத்திடமிருந்து வாங்கி நீராவியிடம் கொடுப்பதுதான் வழி.

மூன்று பெரிய முட்டைகளின் வெள்ளைக் கரு ஏறத்தாழ 100 கிராம் வரும். அதற்கு 20 சென்டிமீட்டர் அகலமுள்ள நான்ஸ்டிக் தவா பொருத்தமானது. அகலம் கூடினால் ஆம்லெட் மெலிந்து, வெந்துவிட்டதை நாம் உணர்வதற்குள் காய்ந்துவிடும். வெள்ளைக் கருவில் கெட்டியான பகுதியும் நீர்த்த பகுதியும் தனித்தனியே இருப்பதால், முள்கரண்டியைத் தூக்கினால் கயிறுபோல் தொங்காத அளவுக்கு, நுரை எழுப்பாமல் அடித்துக் கலக்க வேண்டும். இந்தக் கயிறுகளை அப்படியே விட்டால், வெந்த ஆம்லெட்டில் அங்கங்கே கட்டிகள் தட்டுப்படும்.

தவாவை மிதமானதைவிடச் சற்றுக் குறைந்த தீயில் வைத்து ஒரு தேக்கரண்டி வெண்ணெய் போடுங்கள். அது சத்தமில்லாமல் உருகி மெல்ல நுரைக்க வேண்டும். போட்டதும் சீறி, சில நொடிகளில் பழுப்பானால் தவா மிகவும் சூடாகிவிட்டது. அடுப்பிலிருந்து இறக்கி ஒரு நிமிடம் ஆறவிட்டு, துடைத்துவிட்டு மீண்டும் தொடங்குவதே நல்லது. கருவை ஊற்றிய பிறகு, மரக்கரண்டியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்லத் தள்ளிக்கொண்டே இருந்தால், வெந்த பகுதி மேலேறி, வேகாதது அடிக்குப் போகும். அரை நிமிடத்துக்குச் சற்று மேலாகும்போது மூன்றில் இரண்டு பங்கு வெளுத்துத் தளர்ந்த கட்டிகளாகியிருக்கும். அப்போது சமப்படுத்தி, தீயை மிகக் குறைத்து, மூடிவிடுங்கள். மூடியின் உட்புறத்தை முன்கூட்டியே துடைத்து வைப்பது நல்லது. இல்லாவிட்டால் பழைய நீர்த்துளிகள் ஆம்லெட்டின் மேல் சொட்டிக் குழிகளை உண்டாக்கும்.

முக்கால் நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். கண்ணாடிபோல் மின்னிக்கொண்டிருந்த மேற்பரப்பு, இப்போது பட்டுத்துணியைப்போல் மங்கிய பளபளப்புக்கு மாறியிருக்க வேண்டும். நடுவில் நாணய அளவுக்கு மட்டும் மினுமினுப்பு மிச்சமிருந்தால், அதுதான் அடுப்பை அணைக்க வேண்டிய தருணம். மறுபடி மூடி மேலும் ஒரு நிமிடம் விட்டால், தவாவில் எஞ்சியிருக்கும் சூடே அதையும் முடித்துவிடும். மேற்பரப்பு முழுவதும் மங்கும்வரை தீயிலேயே வைத்திருந்தால், தட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது கூடுதலாக வெந்துவிடும். இதில் சொல்லியிருக்கும் நேரம் அடுப்புக்கு அடுப்பு மாறும், பளபளப்பு மாறாது. கடிகாரத்தைவிட அதை நம்புங்கள்.

கேள்வி: பால் சேர்த்தால் மென்மையாகும் என்கிறார்கள். தண்ணீர், சோள மாவு என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். எதுதான் பயன் தரும்?

பாலின் கொழுப்பு மிகக் குறைவு என்பதால், ஒரு மேசைக்கரண்டி பால் செய்யும் வேலையும் அதே அளவு தண்ணீர் செய்யும் வேலையும் பெரிதும் வேறுபடுவதில்லை. இரண்டுமே புரத இழைகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைக்கின்றன. மூன்று கருவுக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். அதற்கு மேல் போனால் வலை தளர்ந்து, ஆம்லெட் இறுகுவதற்குக் கூடுதல் சூடு தேவைப்படும். முடிவில் தண்ணீரும் பிரியும். கெட்டியான கிரீம் ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால், மஞ்சள் கருவின் கொழுப்பு செய்யும் வேலையில் ஒரு பகுதியை அது செய்துவிடும்.

என் கருத்தில் இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது சோள மாவுதான். அரைத் தேக்கரண்டி மாவை அந்த ஒரு மேசைக்கரண்டிப் பாலில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு கருவில் கலக்க வேண்டும். வெள்ளைக் கரு இறுகிக்கொண்டிருக்கும் அதே வெப்ப எல்லையில் மாவுத் துகள்களும் தண்ணீரை உறிஞ்சி உப்புகின்றன. பிழிபடவிருந்த தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, புரத இழைகளுக்கு நடுவே தடையாகவும் நிற்கின்றன. மாவு அடியில் படியும் இயல்புடையது என்பதால் ஊற்றுவதற்கு முந்தின நொடியில் மறுபடி கலக்க மறக்கக் கூடாது. நான் ஒருமுறை மறந்துவிட்டு, மேலே வழக்கமான ரப்பரும் அடியில் பசையுமாக ஒன்றைச் செய்து முடித்திருக்கிறேன். ஒரு தேக்கரண்டியைத் தாண்டினால் மாவின் சுவை தெரியும்.

முட்டையின் மஞ்சள் கருவை முற்றிலும் விலக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள், மூன்று வெள்ளைக் கருவுக்கு ஒரு மஞ்சள் கரு சேர்த்துப் பார்க்கலாம். மேலே சொன்ன எந்த உபாயமும் அதற்கு ஈடாகாது.

கேள்வி: நுரைக்க அடித்துச் செய்தால் பஞ்சுபோல் வருமா?

வரும், ஆனால் பஞ்சுத்தன்மையும் ஈரப்பதமும் வேறுவேறு. நுரைத்த கருவில் குமிழிகளைச் சுற்றி மெல்லிய சுவர்கள் மட்டுமே இருப்பதால், அளவு தாண்டினால் அது சாதாரண ஆம்லெட்டைவிட விரைவாகக் காய்ந்துபோகும். அடிப்பானைத் தூக்கும்போது நுனி நிமிர்ந்து பிறகு தலைகவிழும் நிலையிலேயே நிறுத்திவிட வேண்டும். நுனி விறைத்து நின்று, ஓரங்களில் பஞ்சுத் துணுக்குகள்போல் பிரியத் தொடங்கினால், அடிக்கும்போதே புரதம் இறுகிவிட்டது என்று அறியலாம். காற்றுக் குமிழிகள் சூட்டை மெதுவாகவே கடத்துவதால், இதற்கும் மிகக் குறைந்த தீயும் மூடியும் கட்டாயம் தேவை. கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ துளி மஞ்சள் கருவோ இருந்தால் நுரை சரியாக எழும்பாது.

கேள்வி: காய்கறி சேர்த்த ஆம்லெட்டைத் தட்டில் வைத்ததும் அடியில் தண்ணீர் தேங்குகிறது. தண்ணீர் காயிலிருந்து வருகிறதா, முட்டையிலிருந்தா?

இரண்டும் சாத்தியம், பிரித்தறிவது எளிது. காய் சேர்க்காமல் ஒருமுறை செய்து பாருங்கள். அப்போதும் தேங்கினால் அது இறுகிய புரதம் பிழிந்துவிட்ட தண்ணீர். தேங்காவிட்டால் தக்காளி, காளான், கீரை ஆகியவைதான் காரணம். அவற்றைத் தனியே வதக்கி, தவாவில் ஈரம் முழுவதும் வற்றிய பிறகு, ஆறவைத்துச் சேர்க்க வேண்டும். பச்சையாகச் சேர்த்தால் காய் வேகும்வரை முட்டையும் காத்திருக்க நேரிடும். அந்தக் காத்திருப்பிலேயே அது ரப்பராகிவிடும்.

கேள்வி: உப்பை எப்போது சேர்ப்பது?

நுரைக்காமல் செய்வதாக இருந்தால், ஒரு சிட்டிகை உப்பைக் கலந்து பத்து நிமிடம் வைத்திருந்து ஊற்றலாம். உப்பு இருக்கும்போது புரதம் சற்று இளகிய முறையில் இறுகுகிறது. நுரைக்க அடிப்பதாக இருந்தால் கடைசியில் சேருங்கள். உப்பு நுரையின் உறுதியைக் குறைக்கும்.

கேள்வி: ரப்பராகிவிட்ட ஆம்லெட்டைத் திரும்ப மென்மையாக்க வழி உண்டா?

இல்லை. தண்ணீர் தெளித்துச் சூடாக்கினாலும் இறுகிய வலை மறுபடி விரிவதில்லை. மைக்ரோவேவில் வைத்தால் இன்னும் இறுகும். மெல்லிய நாடாக்களாக நறுக்கிச் சூப்பிலோ குழம்பிலோ கடைசியில் சேர்த்துவிடலாம். இழை சிறிதானால் இறுக்கம் அவ்வளவாகத் தெரியாது. சில மணி நேரம் கழித்து உண்பதற்காகச் செய்வதானால், சோள மாவு சேர்த்த கலவையையே பயன்படுத்தி, உடனே ஆறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். சூடாக்கும்போது தவாவில் மூடியிட்டு, தொட்டால் வெதுவெதுப்பாகத் தெரிந்ததும் எடுத்துவிடுங்கள்.