பயப்பட வேண்டிய இ.சி.ஜி. எது?

“வயது 52. முழு உடல் பரிசோதனையில் எடுத்த இ.சி.ஜி.யில் ‘சைனஸ் பிராடிகார்டியா’ என்று வந்திருக்கிறது. பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருக்கும் என்று நெட்டில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. நானாகவே தினமும் ஆஸ்பிரின் போடுகிறேன். மூன்று வாரமாக மாடி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது, நின்றால் போய்விடுகிறது, அது கேஸ்தான். ஒரு நாள் அப்படி இறுக்கும்போதே பக்கத்துக் கிளினிக்கில் எடுத்த இ.சி.ஜி.யையும் இணைத்துள்ளேன்.”

இந்தப் பதில் அச்சாகும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் உங்களிடம் தொலைபேசியில் பேசிவிட்டேன். ஏன் அவசரப்படுத்தினேன் என்பதை இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தே சொல்கிறேன்.

பேஸ்மேக்கர் பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். தாளின் கீழே விநாடிக்கு 25 மி.மீ. என்று அச்சாகியிருக்கிறதா? அந்த வேகத்தில் ஒரு பெரிய கட்டம் 0.2 விநாடி. அடுத்தடுத்த இரண்டு உயரமான கூர்முனைகளுக்கு இடையே எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300-ஐ அதனால் வகுத்தால் நிமிடத்துக்கான துடிப்பு கிடைக்கும். முதல் தாளில் ஐந்தரைக் கட்டம், அதாவது சுமார் 55. அறுபதுக்குக் கீழே போனாலே இயந்திரம் ‘பிராடிகார்டியா’ என்று அடித்துவிடும். காலையில் வெறும் வயிற்றோடு அசையாமல் படுத்திருந்தவருக்கு 55 ஒரு குறையே இல்லை. கூர்முனைகள் சம இடைவெளியில் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் சின்ன மேடாக பி அலை இருக்கிறது, லீட் 2 என்று குறித்த வரியில் அது மேல்நோக்கி நிற்கிறது. அந்த மேட்டின் தொடக்கத்திலிருந்து கூர்முனையின் தொடக்கம்வரை நான்கு சின்னக் கட்டம், ஐந்துவரை சரிதான். துடிப்பு பிறக்க வேண்டிய இடத்தில் பிறந்து, தடையில்லாமல் கீழே இறங்குகிறது. தலைசுற்றலோ மயக்கமோ இல்லாத உங்களுக்கு பேஸ்மேக்கர் எதற்கு? லீட் 3-இலும் வி1-இலும் கூர்முனைக்குப் பின்னால் வரும் மேடான டி அலை தலைகீழாக இருப்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அந்த இரண்டில் மட்டும் என்றால் அது சாதாரணம்.

இரண்டாவது தாளில் நீங்கள் எதையும் வட்டமிடவில்லை. எனக்குக் கவலை தந்தது அதுதான்.

அதில் துடிப்பு 86. படி ஏறியவருக்கு அது இயல்பு, தாளமும் சீர். இனி வி4, வி5, வி6-க்கு வாருங்கள். பி அலை முடிந்து கூர்முனை எழும்புவதற்கு முன் ஒரு சிறு சமதளம் இருக்கும். அதன் மேல் ஒரு அளவுகோலை வையுங்கள். கூர்முனை இறங்கி முடிந்த பிறகு டி அலை எழும்வரை வரும் துண்டுக்கு எஸ்.டி. பகுதி என்று பெயர். அது அந்த அளவுகோலோடு ஒட்டி ஓட வேண்டும். முதல் தாளில் அப்படித்தான் ஓடுகிறது. இரண்டாவதில் முழுசாக ஒரு சின்னக் கட்டம், அதாவது 1 மி.மீ., கீழே இறங்கி, இரண்டு கட்ட தூரம் படுத்தபடியே போகிறது. படபடப்பில் இந்தத் துண்டு சற்றே தாழ்ந்து உடனே சரிவாக மேலேறுவது உண்டு. அதை நான் பெரிதாக எடுப்பதில்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்து லீட்களில், நெஞ்சு இறுக்கும் நேரத்தில் மட்டும் தோன்றிய இந்தத் தட்டையான இறக்கம், இதயத் தசைக்கு அப்போது ரத்தம் போதவில்லை என்பதைக் காட்டுகிறது. எந்த ரத்தக்குழாயில் அடைப்பு என்பதை இந்த இறக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு ஆஞ்சியோகிராம் தேவைப்படலாம். அந்தத் தாளில் இயந்திரம் அடித்திருந்தது என்னவோ ‘குறிப்பிட்டுச் சொல்ல முடியாத மாற்றம்’ என்றுதான். இறுக்கம் எப்போது வந்தது என்பது அதற்குத் தெரியாது.

இன்னொன்று: வலியில்லாத நேரத்தில் எடுத்த இ.சி.ஜி. நன்றாக இருப்பதாலேயே மாரடைப்பு அபாயம் இல்லை என்று ஆகிவிடாது. உங்கள் முதல் தாளே சாட்சி. படி ஏறினால் வந்து, நின்றால் போகிற இறுக்கத்துக்குக் ‘கேஸ்’ என்று பெயர் வைத்து ஜெலுசில் குடிப்பவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. வாயு மாடிப்படியை எண்ணிக்கொண்டா வரும்?

ஆஸ்பிரின் இந்த நோய்க்கு உரிய மருந்துதான். ஆனால் குடற்புண் இருந்தவருக்கு ரத்தக்கசிவை உண்டாக்கும். என்ன அளவு, எத்தனை நாளாக என்று இதய மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; தொடர்வதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அவரைப் பார்க்கும்வரை மாடி ஏற வேண்டாம். ‘டிரெட்மில் செய்து பார்த்துக்கொள்கிறேன்’ என்று நீங்களாகப் போய் நிற்கவும் வேண்டாம். இறுக்கம் ஓய்வில் இருக்கும்போதே வந்தாலோ, பத்து நிமிடத்தில் போகாவிட்டாலோ, வியர்வையோ இடது கை, தாடை வலியோ சேர்ந்தாலோ 108-ஐ அழையுங்கள். பைக்கை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

இரண்டு தாள்களையும் எடுத்துப் போங்கள். வெப்பத்தாளில் அச்சானது நாளடைவில் மங்கிவிடும் என்பதால் இரண்டாவதை மட்டுமாவது இன்றே ஜெராக்ஸ் எடுத்து, மேலே ‘படி ஏறிய உடன், நெஞ்சு இறுக்கத்தோடு’ என்று எழுதி வையுங்கள்.