மாப்பிள்ளைக்கு ஒன்றா, எட்டா? பெயர் எண் பொருத்தம்: கேள்வி பதில்

மதுரை மாசி வீதிப் பக்கம் திருமண அழைப்பிதழ் அச்சகம் நடத்தி வருகிறேன். பெயர் எண் பார்ப்பது என் தந்தை எனக்குப் பழக்கிய கணக்கு. வந்த கேள்விகளில் ஒரே விஷயத்தைச் சுற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

திருமங்கலத்திலிருந்து ஓர் அண்ணன்: ஐயா, தங்கை பெயர் MEENA, மாப்பிள்ளை பெயர் PANDI. ஒரு செயலி "நல்ல பொருத்தம்" என்கிறது, இன்னொன்று "சேராது" என்கிறது. எது தவறு?

கூட்டலில் இரண்டுமே தவறவில்லை, தம்பி. ஆங்கில எழுத்துகளுக்கு எண் மதிப்புக் கொடுக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்று கால்டியன் முறையில் கூட்டியிருக்கிறது, மற்றது பித்தகோரஸ் முறையில் கூட்டியிருக்கிறது. தங்கையின் பெயரில் உள்ள M, E, N, A ஆகிய எழுத்துகளுக்கு இரண்டு முறைகளிலும் ஒரே மதிப்புதான். எனவே எப்படிக் கூட்டினாலும் 20 வரும், அதன் இலக்கங்களை ஒற்றை எண் வரும்வரை கூட்டினால் பெயர் எண் 2. மாறுவது மாப்பிள்ளை மட்டுமே:

```
              P   A   N   D   I
கால்டியன்     8 + 1 + 5 + 4 + 1 = 19 → 1
பித்தகோரஸ்    7 + 1 + 5 + 4 + 9 = 26 → 8
```

நம் ஊரில் 1 சூரியன், 2 சந்திரன், 8 சனி. ஒன்றும் இரண்டும் நட்பு என்பார்கள், எட்டையும் இரண்டையும் பலர் சேர்க்க மாட்டார்கள். ஆக, முதலில் நிற்கும் P-யும் கடைசியில் நிற்கும் I-யும் சேர்ந்து, சூரியனாக இருந்த மாப்பிள்ளையைச் சனியாக்கிவிட்டன.

இதில் உண்மையான பிழை வேறிடத்தில் இருக்கிறது. எண்ணுக்குக் கிரகம் வைத்து நட்பு, பகை பார்க்கும் நம் அட்டவணை கால்டியன் எண்களோடு சேர்ந்து வளர்ந்தது. பித்தகோரஸ் வழியில் படிப்பவர்களுக்கு எட்டு என்றால் செல்வமும் அதிகாரமும் தேடும் எண். அங்கே சனி என்ற பேச்சே இல்லை. அந்த முறையில் கூட்டி எடுத்த எட்டை இந்த அட்டவணையில் வைத்துப் படித்தால், ஒரு கடையின் எடைக்கல்லை இன்னொரு கடையின் விலைப் பட்டியலோடு சேர்த்த கதையாகிவிடும். தங்களுடைய இரண்டாவது செயலி அதைத்தான் செய்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மேலூரிலிருந்து ஒருவர்: கால்டியன்தான் பழையது, அதுதான் உண்மை. ஒன்பது தெய்வ எண் என்பதால் எந்த எழுத்துக்கும் கொடுக்காமல் விட்டார்கள். இதை ஏன் சொல்லவில்லை?

பாதி சரி. கால்டியன் முறையில் எந்த எழுத்துக்கும் ஒன்பது இல்லை என்பது உண்மை. ஆனால் கூட்டுத்தொகையாக ஒன்பது தாராளமாக வரும். தெய்வ எண் என்ற காரணத்தை என் தந்தையும் சொல்லியிருக்கிறார். எபிரேய எழுத்துகளின் எண் மதிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு எனக்கு அதில் நம்பிக்கை குறைந்துவிட்டது. அங்கே I, J, Y ஆகியவற்றுக்கு ஈடான எழுத்துக்கு 10, K-க்கு 20, L-க்கு 30, M-க்கு 40, R-க்கு 200, S-க்கு 300, T-க்கு 400. சுழியங்களை நீக்கினால் நம் கால்டியன் மதிப்புகளே வந்து நிற்கின்றன. ஒன்பதும் தொண்ணூறும் பெற்ற எபிரேய எழுத்துகளுக்கு ஆங்கிலத்தில் நேரான தனி எழுத்து இல்லாததால், ஒன்பது ஆளில்லாமல் போயிற்று என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

பித்தகோரஸ் முறையோ ஆங்கில வரிசையை அப்படியே எடுத்து, A முதல் I வரை ஒன்று முதல் ஒன்பது, J-இலிருந்து மறுபடி ஒன்று என்று சுற்றிவருகிறது. I ஆங்கிலத்தில் ஒன்பதாவது எழுத்து, எபிரேய மதிப்பில் பத்து. பாண்டியின் பெயரில் I-க்கு நடந்தது இதுதான். 26 எழுத்துகளில் A முதல் E வரையும் J முதல் N வரையும் ஆகப் பத்து எழுத்துகளுக்கு மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன.

பழைமையைப் பொறுத்தவரை, இப்போது அச்சில் உள்ள கால்டியன் அட்டவணையைப் பரப்பியவர் கைரேகை நிபுணர் கீரோ, சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில். பித்தகோரஸ் பெயரில் உள்ளதும் ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் பரவியது. பித்தகோரஸ் காலத்தில் இந்த 26 எழுத்து வரிசையே இல்லை. ஆகவே பழையது என்பதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு தாயார்: என் மகளுக்கும் வரனுக்கும் பத்தில் எட்டுப் பொருத்தம் இருக்கிறது. பெயர் எண் சேராவிட்டால் அது கெட்டுவிடுமா?

கெடாது, அம்மா. பத்துப் பொருத்தம் நட்சத்திரத்தையும் ராசியையும் வைத்துப் பார்ப்பது. அதில் ஆங்கில எழுத்துக்கு இடமே இல்லை.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: என் பெயர் MEENAKSHI. இரண்டு முறையிலும் 4 வருகிறது. அப்படியானால் என் எண் மட்டும் உறுதியானதா?

அது தற்செயல். தங்கள் பெயரில் மாறக்கூடிய எழுத்துகள் மூன்று. கால்டியனிலிருந்து பித்தகோரஸுக்குப் போகும்போது S மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைகிறது, H ஐந்திலிருந்து எட்டாகிறது, I ஒன்றிலிருந்து ஒன்பதாகிறது. இரண்டு குறைந்து, மூன்று கூடி, எட்டுக் கூடினால் நிகர மாற்றம் 9. ஒன்பதைக் கூட்டினால் ஒற்றை எண் மாறாது என்பதால் 31-உம் 40-உம் ஒரே நான்கில் முடிகின்றன. பெயரின் கடைசி I-ஐ விட்டு MEENAKSH என்று கூட்டிப் பாருங்கள், 30-உம் 31-உம் வந்து இரண்டும் பிரிந்துவிடும்.

மீண்டும் திருமங்கலம்: இனிஷியலைச் சேர்க்க வேண்டுமா, ஐயா? அப்பா எழுத்து S, மாப்பிள்ளை எழுத்து P. கல்யாணத்துக்குப் பிறகு தங்கைக்கு மாறிவிடுமே.

இங்கேதான் எனக்கும் தீர்வு இல்லை. பித்தகோரஸ் வழியினர் பிறப்பில் வைத்த முழுப் பெயரையே எடுப்பார்கள். கால்டியன் வழியினர் ஊர் அழைக்கும் பெயரை எடுப்பார்கள். குடும்பப் பெயர் உள்ளவர்களுக்காக எழுதிய விதிகள் இவை, ஒற்றை எழுத்தை முன்னால் வைக்கும் நமக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. கால்டியனில் S MEENA என்றால் 23, அதாவது 5. P MEENA என்றால் 28, அதாவது 1. கையொப்பத்தில் இனிஷியல் இருந்தால் சேர்க்க வேண்டும் என்பார் என் தந்தை. சேர்க்கவே கூடாது என்று வாதிட்ட பெரியவர்களும் எங்கள் கடைக்கு வந்திருக்கிறார்கள்.

மீண்டும் திருமங்கலம்: PAANDI என்று ஒரு A கூட்டிக்கொண்டால் தீர்ந்துவிடாதா?

கால்டியனில் 20 ஆகி எண் 2, பித்தகோரஸில் 27 ஆகி எண் 9. எட்டு போய்விடும், உண்மைதான். ஆனால் ஒன்றைக் கேளுங்கள். ஒரு வீட்டார் அழைப்பிதழின் பிழைதிருத்தப் படியில் இதே போலப் பென்சிலால் ஒரு A-ஐச் செருகிக் கொடுத்தார்கள், அப்படியே அச்சிட்டுக் கொடுத்தேன். பிறகு திருமணப் பதிவுக்குப் போனபோது ஆதாரில் ஓர் A, பத்திரிகையில் இரண்டு என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஆவணத்தில் உள்ளபடிதான் பதிவாயிற்று. அந்த அழைப்பிதழின் தமிழ்ப் பக்கத்தில் மாப்பிள்ளையின் பெயரில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதைத்தான் உறவினர்கள் படித்தார்கள்.

எழுத்தை மாற்றச் சொல்ல மாட்டேன், தம்பி. இந்த இரண்டு அட்டவணைகளில் எதுவும் தம்பதியரைக் கவனித்து எழுதப்பட்டதன்று. வீட்டில் பெரியவர்கள் பார்த்தே ஆக வேண்டும் என்றால், இருவர் பெயரையும் கால்டியனிலேயே கூட்டி, அதற்குரிய நட்பு அட்டவணையிலேயே பாருங்கள். ஒன்றும் இரண்டும் என்று சொன்னால் அப்பா மறுக்க மாட்டார்.