வளவள குறிப்பைச் சுருக்கும்போது தகவல் எங்கே தவறுகிறது?

*கேள்வி: எங்கள் அமைப்பின் ஆண்டறிக்கைக்குப் பலரும் குறிப்பு எழுதி அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றும் வளவளவென்று இருக்கிறது. நான் சுருக்கிக் கொடுத்தால், "நான் சொன்னது இது இல்லையே, அர்த்தமே மாறிவிட்டதே" என்கிறார்கள். தகவல் மாறாமல் எப்படிச் சுருக்குவது?*

சுருக்குகிறவர்கள் பெரும்பாலும் வினைச்சொல்லில்தான் சறுக்குகிறார்கள். ஒரே பொருளுள்ள இரண்டு சொற்களில் ஒன்றை எடுத்தால் ஆபத்து அநேகமாக இல்லை. அடைமொழியை எடுக்கும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். 'செய்யப்பட்டது' என்பதை 'செய்தார்' என்று மாற்றும்போதுதான் உண்மையான கவனம் தேவை. எனவே கூறியது கூறலை முதலில் களையுங்கள், அடுத்து அடைமொழிகள், கடைசியாகச் செயப்பாட்டு வினை. மூன்றையும் ஒரே மூச்சில் செய்தால் எந்த மாற்றத்தில் பொருள் பிசகியது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

ஒரு மாதிரிக் குறிப்பை எடுத்துக்கொள்வோம். இதில் 50 சொற்கள் இருக்கின்றன.

> கடந்த மார்ச் மாதம் 12ஆம் தேதி அன்று, நூலகக் கட்டடத்தின் மேற்கூரையில் ஏற்பட்ட நீர்க்கசிவின் காரணமாக, முதல் தளத்தில் வைக்கப்பட்டிருந்த பழைமையான, மிகவும் அரிய, விலைமதிப்பற்ற சுமார் 300 முதல் 350 வரையிலான நூல்கள் சேதமடைந்த நிலையில் காணப்பட்டன. இதனைத் தொடர்ந்து, பராமரிப்புக் குழுவினரால் உடனடியாக ஆய்வு மேற்கொள்ளப்பட்டு, கூரையின் வடக்குப் பகுதியில் உள்ள ஓடுகள் அகற்றப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது. சேதமடைந்த நூல்களில் பெரும்பாலானவை மீட்டெடுக்கப்படலாம் என்று கூறப்படுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

எதையும் வெட்டுவதற்கு முன், இதிலுள்ள தகவல்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். யார், என்ன, எங்கே, எப்போது, எத்தனை என்ற ஐந்தும் எல்லோருக்கும் நினைவு வரும். விட்டுப்போவது இன்னும் இரண்டு: எவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்கிறார், யார் சொல்லித் தெரிந்தது. இந்தக் குறிப்பில் 'பெரும்பாலானவை', 'லாம்', 'கூறப்படுகிறது' ஆகியவை அந்த வகை. அவை பார்ப்பதற்குச் சும்மா நீட்டி எழுதியதுபோல் இருக்கும். ஆனால் அவையும் தகவல்தான்.

பட்டியல் எழுதும்போதே குறிப்பிலுள்ள ஓட்டைகளும் தெரிந்துவிடும். மார்ச் 12 அன்று நடந்தது எது? அன்று கூரை ஒழுகியதா, அல்லது ஏற்கெனவே ஒழுகி நனைந்த நூல்களை அன்றுதான் பார்த்தார்களா? மூல வாக்கியம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. சுருக்கும்போது நீங்கள் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டிவரும். அப்போது ஊகித்து எழுதினால் எழுதியவர் உங்களிடம் சண்டைக்கு வருவது நியாயமே. இதைக் கேள்வியாகக் குறித்து வையுங்கள்.

இப்போது கூறியது கூறல். 'மார்ச் மாதம் 12ஆம் தேதி அன்று' என்பதற்கு 'மார்ச் 12 அன்று' போதும். 'கடந்த' என்ற சொல்லை எடுக்கலாம், ஆனால் அறிக்கையின் தலைப்பிலோ வேறெங்கோ ஆண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்; இல்லையென்றால் அந்த இடத்தில் ஆண்டை எண்ணில் எழுத வேண்டும். '300 முதல் 350' என்றாலே துல்லியமான எண்ணிக்கை இல்லை என்பது புரிகிறது. 'சுமார்', 'வரையிலான' இரண்டும் தேவையில்லை. 'சுமார் 350' என்று இன்னும் சுருக்கிவிடாதீர்கள், வரம்பின் கீழ்முனை போய்விடும். 'சேதமடைந்த நிலையில் காணப்பட்டன' என்பதில் 'நிலையில்' வெறும் நிரப்பி. 'என்பது குறிப்பிடத்தக்கது' என்பதையும் தயங்காமல் எடுக்கலாம். குறிப்பிட வேண்டியதாக இருப்பதால்தானே எழுதியிருக்கிறார். 'காரணம் என்னவென்றால் … என்பதால்தான்', 'குறைந்தபட்சம் 20 பேராவது', 'மீண்டும் மறுபடியும்' எல்லாம் இதே ரகம்.

இந்தக் கட்டத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. 'விசாரித்து வருகிறது' என்பதை 'விசாரித்தது' என்று குறைக்கக் கூடாது. 'வருகிறது' கூடுதல் சொல்போலத் தெரிந்தாலும், வேலை இன்னும் முடியவில்லை என்பதை அதுதான் சொல்கிறது. 'முதற்கட்ட ஆய்வு', 'பகுதியளவு சேதம்' போன்றவற்றிலும் முன்னால் நிற்கும் சொல்லைத் தொடாதீர்கள்.

அடுத்தது அடைமொழி அடுக்கு. 'பழைமையான, மிகவும் அரிய, விலைமதிப்பற்ற' என்று மூன்று வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிடமும் கேட்க வேண்டிய கேள்வி: இதைப் பதிவேட்டையோ ஆவணத்தையோ வைத்துச் சரிபார்க்க முடியுமா? நூலகப் பதிவேட்டில் இவை அரிய நூல்கள் என்ற பிரிவில் இருந்தால் 'அரிய' ஒரு தகவல், அது நிற்கட்டும். 'மிகவும்' அந்தத் தகவலோடு எதையும் சேர்க்கவில்லை. 'விலைமதிப்பற்ற' எழுதியவரின் உணர்வு. ஆண்டறிக்கையில் அதற்கு இடமில்லை. 'பழைமையான' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: எந்தக் காலத்து நூல்கள் என்று எழுதியவருக்குத் தெரிந்தால் அதைக் கேட்டுப் போடலாம், தெரியாவிட்டால் எடுத்துவிடலாம். எடுக்கப்போவதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

வெறும் அலங்காரம்போல் தெரிந்து உண்மையில் வரம்பு கட்டும் அடைமொழிகளும் உண்டு. 'பயிற்சி பெற்ற ஊழியர்கள் இயந்திரத்தை இயக்கினர்' என்பதில் 'பயிற்சி பெற்ற' என்பதை எடுத்தால், யார் வேண்டுமானாலும் இயக்கினார்கள் என்றாகிவிடும்.

இடம் மாற்றும்போது வேறொரு சிக்கல் வரும். தமிழில் அடைமொழி பெயருக்கு முன்னால்தான் நிற்கிறது. இடையில் இன்னொரு பெயர் வந்துவிட்டால் அது எதைத் தழுவுகிறது என்பது குழம்பிவிடும். 'புதிதாகச் சேர்ந்த மேலாளரின் உதவியாளர்' என்றால் புதிதாகச் சேர்ந்தவர் மேலாளரா, உதவியாளரா? உதவியாளர்தான் என்றால் அடைமொழியைப் பயனிலையாக்கிவிடுங்கள்: 'மேலாளரின் உதவியாளர் புதிதாகச் சேர்ந்தவர்.' ஒரு சொல்கூட நீளவில்லை, குழப்பமும் போயிற்று.

இனிச் செயப்பாட்டு வினை. கணினியில் 'ப்பட்', 'ப்படு', 'ப்பட' என்று மூன்று முறை தேடினால் பெரும்பாலானவை சிக்கிவிடும். 'புறப்பட்டது', 'ஆசைப்பட்டார்' போன்றவையும் கூடவே வரும்; அவை செயப்பாட்டு வினைகள் அல்ல, விட்டுவிடுங்கள். நம் மாதிரியில் ஏழு இருக்கின்றன: வைக்கப்பட்டிருந்த, காணப்பட்டன, மேற்கொள்ளப்பட்டு, அகற்றப்பட்டிருந்தது, கண்டறியப்பட்டது, மீட்டெடுக்கப்படலாம், கூறப்படுகிறது.

செய்தவர் அதே வாக்கியத்தில் 'ஆல்' உருபோடு இருந்தால் வேலை எளிது. 'பராமரிப்புக் குழுவினரால் ஆய்வு மேற்கொள்ளப்பட்டு … கண்டறியப்பட்டது' என்பது 'பராமரிப்புக் குழு ஆய்வு செய்து … கண்டறிந்தது' ஆகிவிடும். 'வைக்கப்பட்டிருந்த நூல்கள்' என்பதில் யார் வைத்தார் என்பது இங்கே விஷயமே இல்லை. 'இருந்த நூல்கள்' போதும். 'காணப்பட்டன' என்பதும் 'தெரியவந்தது' என்று மாறலாம், ஆனால் தேதி பற்றிய கேள்விக்குப் பதில் வந்த பிறகுதான்.

ஓடுகளிடம்தான் எல்லோரும் விழுகிறார்கள். 'அகற்றப்பட்டிருந்தது' நீளமாக இருக்கிறதே என்று 'ஓடுகள் விலகியிருந்தன' என்று எழுதிவிடுவார்கள். காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூலம் சொல்வது, யாரோ ஓடுகளை எடுத்திருக்கிறார்கள் என்று. திருத்தம் சொல்வது, அவை தாமாக நகர்ந்துவிட்டன என்று. ஒன்றில் ஆளைத் தேட வேண்டும், மற்றதில் காற்றைக் குறை சொன்னால் போதும். தமிழில் இப்படிச் சோடியாக வரும் வினைகள் ஏராளம்: உடைக்கப்பட்டது, உடைந்தது, குறைக்கப்பட்டது, குறைந்தது, நிறுத்தப்பட்டது, நின்றது, மாற்றப்பட்டது, மாறியது. 'சம்பளம் குறைக்கப்பட்டது' என்பதும் 'சம்பளம் குறைந்தது' என்பதும் ஒன்றல்ல. தன்வினையைப் போட்டுச் செயப்பாட்டைத் தவிர்ப்பது சுருக்கம் அல்ல, செய்தவரை மறைப்பது.

இதற்கு நேர்மாறான தவறு, இல்லாத எழுவாயைக் கொண்டுவருவது. 'ஊழியர்கள் ஓடுகளை அகற்றியிருந்தனர்' என்று எழுதினால் மூலத்தில் இல்லாத ஒரு குற்றச்சாட்டே வந்துவிட்டது. எழுவாய் இல்லாமல் 'ஓடுகளை அகற்றியிருந்தனர்' என்று விட்டாலும், அதே வாக்கியத்தின் தொடக்கத்தில் பராமரிப்புக் குழு இருப்பதால் அவர்கள்தான் அகற்றினார்கள் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். யார் அகற்றியது என்று எழுதியவருக்கே தெரியாது என்றால், அந்த ஒரு செயப்பாட்டு வினை அப்படியே நிற்க வேண்டும். அங்கே அதுதான் சரியான வினை.

'மீட்டெடுக்கப்படலாம்' என்பதை 'மீட்கலாம்' என்று சுருக்கலாம். 'மீட்க முடியும்' என்று எழுதினால் உறுதி ஒரு படி ஏறிவிடுகிறது. 'மீட்கப்படும்' என்றால் அமைப்பு வாக்குறுதியே கொடுத்துவிட்டது. 'கூறப்படுகிறது' என்பதைப் பார்த்ததும் வெட்டத் தோன்றும். வெட்டினால் யாரோ ஒருவரின் கருத்து அறிக்கையின் சொந்தக் கூற்றாக மாறிவிடும். சொன்னவர் யார் என்று கேட்டு அவரைப் போடுங்கள். தெரியவில்லை என்றால் 'கூறப்படுகிறது' இருக்கட்டும்.

ஆக, எழுதியவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: மார்ச் 12 எதன் தேதி? நூல்கள் எந்தக் காலத்தவை? மீட்கலாம் என்று சொன்னவர் யார்? பார்த்த தேதி, காலம் தெரியாது, நூலகர் என்று பதில் வருவதாக வைத்துக்கொண்டால், குறிப்பு இப்படி அமையும்:

> மார்ச் 12 அன்று, நூலகத்தின் முதல் தளத்தில் இருந்த 300 முதல் 350 அரிய நூல்கள் கூரை நீர்க்கசிவால் சேதமடைந்திருப்பது தெரியவந்தது. பராமரிப்புக் குழு உடனடியாக ஆய்வு செய்து, கூரையின் வடக்குப் பகுதியில் உள்ள ஓடுகள் அகற்றப்பட்டிருந்ததைக் கண்டறிந்தது. சேதமடைந்தவற்றில் பெரும்பாலானவற்றை மீட்கலாம் என்கிறார் நூலகர்.

50 சொற்கள் 33 ஆகியிருக்கின்றன. ஏழு செயப்பாட்டு வினைகளில் ஒன்றுதான் மிச்சம், அதுவும் தெரிந்தே விட்டது. முதல் வாக்கியத்தை உடைத்து 'கூரை நீர்க்கசிவே காரணம்' என்று தனியாக எழுதியிருக்கலாமே என்று தோன்றலாம். அந்த ஏகாரம் வேறு காரணம் எதுவும் இல்லை என்று சொல்லிவிடும். மூலம் அவ்வளவு தூரம் போகவில்லை.

சரிபார்க்கும்போது மூலத்தையும் திருத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காதீர்கள். மூலம் மனதில் இருப்பதால், திருத்தத்தில் இல்லாததையும் கண் நிரப்பிக்கொள்ளும். மூலத்தை மூடிவிட்டு, திருத்தத்திலிருந்து மட்டும் புதிதாக ஒரு தகவல் பட்டியல் எழுதுங்கள். பிறகு அதை முதல் பட்டியலோடு ஒப்பிடுங்கள். முதலில் இருந்து இரண்டாவதில் இல்லாத ஒவ்வொன்றும் நீங்கள் தெரிந்தே எடுத்ததாக இருக்க வேண்டும். இரண்டாவதில் புதிதாக ஏதாவது முளைத்திருந்தால், அது எழுதியவர் கொடுத்த பதிலிலிருந்து வந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த இடத்தில் மூலத்தின் சொல்லையே திரும்பப் போடுங்கள், வாக்கியம் நீண்டாலும் சரி.