சார்ஜர் படத்தில் கணக்கு உதைக்கிறது

"லேப்டாப்பின் பழைய சார்ஜர் போய்விட்டது. விற்பவர் அனுப்பிய மூன்று படங்களை இணைத்திருக்கிறேன். ஒரிஜினலா, போலியா?"

இதை வாங்காதீர்கள். லேபிளிலேயே கணக்கு உதைக்கிறது. வெளியீடு 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. பெருக்கினால் 65 வாட்தான் வரும். மேலே பெரிதாக 90 வாட் என்று அச்சிட்டிருக்கிறார்கள். உண்மையான 90 வாட் என்றால் 4.62 ஆம்பியர் இருக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், சான்றுக் குறிகளின் ஓரங்களில் மை பரவியிருக்கிறது. லேபிள் மட்டும்தான் மங்கல், பக்கத்தில் பிளாஸ்டிக்கின் சொரசொரப்பு தெளிவாகத் தெரிகிறது. அதனால் கேமராவைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது படத்தில் மூடி சேரும் கோட்டைக் கவனியுங்கள். பொதுவாக அங்கே ஒட்டியிருப்பது ஒரே சீரான மெல்லிய கோடாக இருக்கும். இதில் ஒரு மூலையில் இடைவெளி, பக்கத்தில் பசை பிதுங்கி நிற்கிறது. மின்சாரம் பாயும் பெட்டி பிளந்துகொண்டால் ஆபத்து.

அப்புறம், வேறொரு சார்ஜரைப் பார்க்கும்போது, லேப்டாப்பில் செருகும் பிளக்கை நேர் எதிரிலிருந்து படமெடுக்கச் சொல்லுங்கள். உங்கள் பழைய பிளக்கின் நடுவில் மெல்லிய ஊசி இருந்தால் அதிலும் ஊசி நட்டநடுவில் இருக்க வேண்டும். சார்ஜர் எது என்பதை லேப்டாப் அடையாளம் காண்பது அந்த ஊசி வழியாகத்தான். அது வளைந்திருந்தால் லேப்டாப் ஓடும், பேட்டரி ஏறாமல் போகலாம். ஆனால் இதெல்லாம் சரியாக இருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்பது படத்தில் தெரியாது.