கரண்ட் வைக்க 25 நாள்: பெங்களூரில் அறை பிடிப்பது எப்படி?

கேள்வி: பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். பெங்களூரு கிட்வாய் ஆஸ்பத்திரியில் 25 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு வைக்கணும், வாரம் ஒரு கீமோவும் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். நானும் அம்மாவும் மட்டும்தான் போகப்போகிறோம். பக்கத்து லாட்ஜில் நாளுக்கு 600 ரூபாய் கேட்கிறார்கள். ஓசூரில் சித்தி வீடு இருக்கிறது. அங்கிருந்து தினமும் போய்வரலாமா, அல்லது மாத வாடகைக்கு அறை எடுப்பது லாபமா?

பதில்: முதல் வாரம் மட்டும் என்றால் சித்தி வீட்டிலிருந்தே போய்வாருங்கள். அதற்கு மேல் வேண்டாம் என்பேன். என் மாமியாருக்கு இதே சிகிச்சை நடந்தபோது நாங்களும் ஓசூரில்தான் ஆரம்பித்தோம். அடிவயிற்றில் கரண்ட் வைக்கும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருக்கணும். நிறைந்திருந்தால் குடல் மேலே தள்ளிப்போய், கதிர் அதிகம் படாமல் தப்பிக்கும். அதனால் தண்ணீரைக் குடிக்கவைத்து, அடக்கிக்கொண்டு உட்காரச் சொல்வார்கள். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் பலருக்கு வயிற்றாலை போகும், சிறுநீர் எரியும். அந்த நிலையில் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் சில்க் போர்டுக்கும் நடுவில் பஸ் நின்றுவிட்டால் அம்மா என்ன பாடுபடுவார் என்று யோசியுங்கள். மாமியார் மூன்றாவது வாரம் திங்கட்கிழமை பஸ்ஸிலேயே அழுதுவிட்டார். அன்று சாயந்திரமே அறை தேடினோம்.

ஆகவே அறை பார்க்கும்போது வாடகையைக் கடைசியாகக் கேளுங்கள். கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, உட்காரும் வகையா, ராத்திரி தண்ணீர் வருகிறதா, எத்தனை படி ஏறணும் என்பதைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். மூன்றாம் மாடியில் 400 ரூபாய் அறையைவிடத் தரைத்தளத்தில் 500 ரூபாய் அறை மலிவு. தினமும் ஆட்டோ ஏறாமல் நடந்தே போகிற தூரமாக இருந்தால் இன்னும் மலிவு.

எந்தத் தேதியிலிருந்து அறை எடுப்பது என்பதில்தான் நிறையப் பேர் பணத்தைக் கோட்டைவிடுகிறார்கள். "நாளைக்கு வாங்க" என்று கூப்பிட்டால் நாளைக்கே கரண்ட் வைப்பார்கள் என்று அர்த்தமில்லை. முதலில் ஸ்கேன் எடுத்து உடம்பில் அடையாளம் போடுவார்கள். எந்தக் கோணத்தில், எவ்வளவு என்று திட்டம் போட்ட பிறகு, சில நாள் கழித்து, சில சமயம் ஒரு வாரம் தாண்டியும் கூப்பிடுவார்கள். ஸ்கேன் அன்றைக்கு ஒரு ராத்திரி தங்கிவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுங்கள். முதல் கரண்ட் தேதி கையில் கிடைத்த பிறகே அறைக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

25 நாள் என்றால் 25 நாளில் முடிந்துவிடாது. திங்கள் முதல் வெள்ளி வரைதான் வைப்பார்கள், அதனால் சரியாக 5 வாரம். ஒரு ஞாயிறு சாயந்திரம் வந்து இறங்கி, ஐந்தாவது வாரம் வெள்ளிக்கிழமை கிளம்பினால் 33 ராத்திரி. 600 ரூபாய் வீதம் 19,800. வெள்ளி கரண்ட் முடிந்ததும் ஊருக்குப் போய் ஞாயிறு சாயந்திரம் திரும்பினால் வாரத்துக்கு 5 ராத்திரி, மொத்தம் 25, ஆக 15,000. மிச்சமாகும் 4,800-இல் நான்கு முறை இருவர் போய்வரும் பஸ் செலவைக் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் கீமோ வியாழனோ வெள்ளியோ என்றால் வாந்தியோடு ஊருக்கு இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கீமோ எந்தக் கிழமை என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மாத வாடகை அறை 9,000-க்குக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கத் தோன்றும், சமைத்தும் சாப்பிடலாம். ஆனால் உங்களுக்கு வேண்டியது 33 ராத்திரி, அவர்கள் கணக்கில் மாதம் 30. கடைசி மூன்று நாளுக்காக இரண்டாவது மாத வாடகை கேட்டு என் பக்கத்து அறைக்காரரோடு சண்டைபோட்ட வீட்டுக்காரரை நான் பார்த்திருக்கிறேன். "30 நாளுக்கு மேல் நாளுக்கு 300" என்று ரசீதின் பின்னால் அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று நாளோடு முடியும் என்றும் நம்பாதீர்கள். மெஷின் பழுதாகும், அரசு விடுமுறை வரும், ரத்த அணுக்கள் குறைந்தால் நிறுத்திவைப்பார்கள். இந்த நோய்க்கு வெளியிலிருந்து வைப்பது முடியும் தறுவாயிலோ முடிந்த பிறகோ உள்ளே வைக்கும் கரண்ட்டும் சில தடவை இருக்கும். இன்னும் ஒரு வாரம், பத்து நாள் கூட்டியே கணக்குப் போடுங்கள்.

லாட்ஜுக்கு முன்னால் தர்மசாலையைக் கேட்டுப்பாருங்கள். கிட்வாய் நோயாளிகளுக்காக இன்ஃபோசிஸ் அறக்கட்டளை கட்டிக்கொடுத்த தர்மசாலை இருக்கிறது. நேராகப் போய்க் கதவைத் தட்டாமல், ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரிடம் போங்கள். நோயாளியின் ஃபைல், எத்தனை நாள் கரண்ட் என்று டாக்டர் எழுதிய சீட்டு, இருவரின் ஆதார் நகல் கையில் இருக்கட்டும். இதுபோன்ற இடங்களில் பெரும்பாலும் நோயாளியோடு ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. நீங்கள் இருவர் என்பதால் உங்களுக்குப் பொருந்தும். முதல் நாளே இடம் கிடைக்காமல் போகலாம். பெயரைப் பதிந்துவிட்டு, அதுவரை லாட்ஜில் நாள் கணக்கில் இருங்கள். இதனால்தான் ஆரம்பத்திலேயே மாத வாடகையில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்கிறேன்.

தனியார் அறை என்றால் ஆஸ்பத்திரியைச் சுற்றி வில்சன் கார்டன், லக்கசந்திரா சந்துகளில் நடந்தே தேடுங்கள். ஏற்கெனவே மூன்று வாரமாகத் தங்கியிருக்கும் நம்ம ஊர்க்காரரை காத்திருப்பு வரிசையில் பிடித்துக் கேட்டால் நல்லது கெட்டது இரண்டும் தெரியும். ஆட்டோக்காரர் கூட்டிப்போகிற லாட்ஜில் அவருடைய கமிஷனும் உங்கள் வாடகையில் சேர்ந்திருக்கும்.

செல்போனில் தேடினால் ஆஸ்பத்திரிப் பெயரிலேயே "கெஸ்ட் ஹவுஸ்" என்று நம்பர் வரும். அதில் யாராவது தமிழில் இனிமையாகப் பேசி, "ரெண்டே ரூம்தான் இருக்கு, ஆயிரம் ஜிபே பண்ணுங்க" என்றால் போனை வைத்துவிடுங்கள். அறையைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாயும் வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடிக்கவேண்டும். தாமதித்தால் பணத்தை நிறுத்திவைப்பது கஷ்டம்.

லாட்ஜ் என்றால் 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக் கணக்கா என்று கேளுங்கள். 12 மணிக் கணக்கில், ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்குப் போய் இறங்குகிறவருக்கு மறுநாள் மதியமே ஒரு நாள் முடிந்துவிடும். வெந்நீர் வாளிக்குத் தனிக் காசா என்பதையும் கேளுங்கள். நாங்கள் தங்கிய லாட்ஜில் வாளிக்கு 20 ரூபாய் என்று கடைசி நாள் பில்லில்தான் தெரிந்தது. வரி போடுகிறார்கள் என்றால், இந்த வாடகை அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான், பில்லில் ஜி.எஸ்.டி. எண் அச்சாகியிருக்க வேண்டும். எண் இல்லாத துண்டுச்சீட்டில் வரி கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. தகராறு செய்தால் நுகர்வோர் உதவி எண் 1915.

நம்ம ஊர் பஸ் சாந்தி நகருக்குப் போகிற வழியில்தான் கிட்வாய் இருக்கிறது. ஞாயிறு சாயந்திரம் அம்மாவோடு வரும்போது கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, பக்கத்து நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்ளுங்கள்.