முதலில் அந்த ரெஸ்யூமேயைத் திறங்கள், தம்பி

கேள்வி: 9 வருடத்துக்கு முன் என் முதல் கம்பெனியில் எனக்கு லீடாக இருந்தவர் அவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன், சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். நெருக்கம் என்று சொல்ல முடியாது, பொங்கல் தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பிக்கொள்வோம். போன மாதம் அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் விஷயத்தைச் சொல்லி ரெஸ்யூமே அனுப்பினார். உடனே எங்கள் ஹெச்.ஆருக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டேன் (திறந்துகூடப் பார்க்கவில்லை, அவர் அனுபவத்துக்கு நான் என்ன பார்ப்பது). பதில் வரவில்லை. இப்போது அவரிடம் பேசவே சங்கடமாக இருக்கிறது. பரிதாபப்படுகிற மாதிரி தெரியாமல் எப்படி ஆறுதல் சொல்வது?
வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: ஆறுதலை ஓரமாக வையுங்கள் தம்பி. அவர் உங்களிடம் ஆறுதல் கேட்கவில்லை, ரெஸ்யூமே அனுப்பினார். அதை நீங்கள் திறக்கவே இல்லை. அதை அடைப்புக்குறிக்குள் போட்டு, மரியாதை மாதிரி ஒரு வார்த்தையும் சேர்த்துவிட்டீர்கள். மரியாதை இல்லை அது. லீடாக இருந்தபோது அக்கா அனுப்பிய டெஸ்ட் பிளானை வரிவரியாகப் படித்திருப்பீர்கள், வேலை போன பிறகு அனுப்பியதைப் படிக்காமலே அடுத்தவர் கைக்குத் தள்ளிவிட்டீர்கள். பரிதாபமாகத் தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்களே, அது ஏற்கெனவே நடந்துவிட்டது. பேசச் சங்கடமாக இருப்பதும் அதனால்தான். போனை எடுத்தால் சொல்ல உங்களிடம் ஒன்றும் இல்லை.

ஃபார்வர்ட் செய்தது என்ன ஆகியிருக்கும் என்று சொல்கிறேன், ஆள் எடுக்கும் வேலையில் பல வருடம் இருந்ததால் தெரியும். காலி இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் இருக்கும், ஹெச்.ஆர். அந்த எண்ணை வைத்துத்தான் தேடுவார். எந்த இடத்துக்கு, ஏன் இவர் என்று ஒரு வரிகூட இல்லாமல் வந்த இணைப்பு அவர் இன்பாக்ஸில் கிடக்கும், அவ்வளவுதான். அதைவிட மோசமான ஒன்றும் நடக்கலாம். பொருந்தாத ஏதோ ஒரு இடத்துக்கு அதை ஏற்றிவிட்டால், பல கம்பெனிகளில் அந்தப் பெயர் சில மாதங்களுக்குப் பூட்டப்பட்டுவிடும். பிறகு அதே கம்பெனியில் அவருக்குச் சரியான இடம் வந்து, அவரை நன்றாகத் தெரிந்தவர் ரெஃபரல் போட்டாலும் 'ஏற்கெனவே இருக்கிறார்' என்று திருப்பி அனுப்பும். அதனால் நாளைக் காலை முதல் வேலையாக ஹெச்.ஆரைக் கூப்பிட்டு, ஏற்றினார்களா இல்லையா என்று கேளுங்கள். ஏற்றவில்லை என்றால் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன் இன்று ராத்திரி அந்தக் கோப்பைத் திறந்து உட்காருங்கள். என்ன இருக்கும் என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும், ஏனென்றால் இதே மாதிரி 16 வருட அனுபவத்தோடு வெளியே வந்த ஒரு பெண்ணின் ரெஸ்யூமேயை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். 6 பக்கம். முதல் பக்கத்தில் பாதி, சவாலான பொறுப்பை நாடுகிறேன் என்கிற பழைய பல்லவி. அதற்குக் கீழே 30 டூல்களின் பெயர் போட்ட ஒரு கட்டம், அதில் சில இப்போது பெயரே மாறிப்போனவை. ஒவ்வொரு புராஜெக்டுக்கும் கம்பெனி எப்படிப்பட்டது என்று 5 வரி, அவர் என்ன செய்தார் என்று 2 வரி, அதுவும் 'பொறுப்பு வகித்தேன்' என்ற அளவில். கடைசியில் தகப்பனார் பெயர், திருமண நிலை, மேற்கண்டவை உண்மை என்ற உறுதிமொழி. புது மாற்றத்தால் பழையது எதுவும் கெட்டுவிட்டதா என்று பார்க்கிற ரெக்ரஷன் டெஸ்ட் 4 நாள் ஓடிக்கொண்டிருந்தது, அதை அவர் ஒரே நாளுக்குள் கொண்டுவந்திருந்தார், அது நாலாம் பக்கத்தில் ஒரு வரியாகப் புதைந்து கிடந்தது. ரெஸ்யூமே பார்ப்பவர் நாலாம் பக்கம் வரை வரமாட்டார். அந்த ஒரு வரியை முதல் பக்கத்து மேலே தூக்கி வைத்து, மற்றதை 2 பக்கத்துக்குள் அடக்கினோம். ஒரு சாயங்காலம் ஆனது. அவர் முகம் தொங்கவும் இல்லை, அழவும் இல்லை. நாலாம் பக்கத்தில் போய் ஒளித்துவைத்தேனே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

குறை சொன்னால் புண்படுவாரே என்று நினைப்பீர்கள். தம்பி, நீங்கள் டெஸ்டர். குறை சொல்வதுதான் உங்கள் தொழில், அதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஒரு பக் எழுதும்போது என்ன எழுதுவீர்கள்? எந்த இடம், என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது, எவ்வளவு முக்கியம். 'புரோகிராம் சுமாராக இருக்கிறது' என்று எழுதினால் அக்கா உங்களைத் திட்டியிருப்பார். 'நல்லாதான் இருக்கு, கொஞ்சம் பாலிஷ் பண்ணலாம்' என்று ரெஸ்யூமேயைப் பற்றிச் சொல்வதும் அதே குற்றம். 'முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நீங்கள் இன்னும் கையால் டெஸ்ட் செய்கிறீர்களா, ஆட்டோமேஷன் எழுதுகிறீர்களா, ஆட்களை மட்டும் பார்த்துக்கொள்கிறீர்களா என்று எனக்குத் தெரியவில்லை அக்கா' என்று சொல்லுங்கள். இடம் தெளிவு, குறை தெளிவு, திருத்தவும் முடியும். 15 குறை கண்டுபிடித்தாலும் பெரியது 2, 3 மட்டும் போதும். எழுத்துப்பிழைகளைப் பேசாமல் நீங்களே திருத்தி அனுப்பிவிடலாம். போனில் சொல்லுங்கள். சொல்வதற்கு முன் 'படித்தேன், பட்டதைச் சொல்லட்டுமா' என்று ஒரு வார்த்தை கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

கசப்பான ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கலாம். லீட், மேனேஜர் என்று மேலே போனவர்கள் பலர் புரோகிராம் எழுதி 5, 6 வருடம் ஆகியிருக்கும். இப்போது லீட் வேலைக்குக்கூட முதல் சுற்றிலேயே செலீனியம், பிளேரைட் மாதிரி ஆட்டோமேஷன் டூலை வைத்துச் சின்னதாக ஒன்று எழுதச் சொல்கிற இடங்கள் இருக்கின்றன. உங்கள் கம்பெனியில் அப்படித்தான் என்றால் அதை மறைக்காதீர்கள். 'உங்க அனுபவத்துக்கு வரிசையில் நிற்பார்கள்' என்று சொல்லி அனுப்பி, அவர் இன்டர்வியூவில் திணறி வெளியே வந்தால் அந்தப் பாவம் உங்களுக்குத்தான். அதற்குப் பதில் ஒரு சனிக்கிழமை 40 நிமிஷம் ஒதுக்கி, நீங்களே இன்டர்வியூ எடுப்பவராக உட்கார்ந்து கேள்வி கேளுங்கள். ஒரே நிபந்தனை, நடுவில் உதவி செய்யக்கூடாது.

அந்த 40 நிமிஷத்தில் ஒரு கேள்வி கட்டாயம் இருக்கட்டும்: ஏன் வெளியே வந்தீர்கள்? இங்கேதான் நல்ல நல்ல ஆட்களும் 5 நிமிஷம் விளக்கம் சொல்லி, பழைய மேனேஜரை இழுத்து, கெடுத்துக்கொள்கிறார்கள். 'எங்கள் பிரிவையே மூடினார்கள், மொத்த டீமும் வெளியே வந்தோம், உடனே சேர முடியும்' என்று நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போகப் பழக்குங்கள். இன்னொன்றும் கேளுங்கள், இதை வேறு யாரும் அவரிடம் கேட்கமாட்டார்கள். நம் ஊர் ஐ.டி. கம்பெனிகளில் பல நேரம் ஆளை நேரடியாக வேலையை விட்டு நீக்குவதில்லை, ராஜினாமா எழுதி வாங்கிவிடுகிறார்கள். ரிலீவிங் லெட்டரில் 'ராஜினாமா செய்தார்' என்று இருந்து இவர் வாயால் வேறொன்று வந்தால், பிறகு பின்புலம் சரிபார்க்கும்போது தேவையில்லாத சந்தேகம் கிளம்பும். 'ராஜினாமா கேட்டார்கள், கொடுத்தேன்' என்பதே உண்மை என்றால் அதையே சொல்லட்டும், கடிதத்தோடும் ஒத்துப்போகும்.

அப்புறம், நெருக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஒதுங்குவதற்கு அது ஒரு காரணம் மாதிரி. 1973இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பாஸ்டனை ஒட்டிய நியூட்டனில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்று சொன்னவர்கள் 6 பேருக்கு ஒருவர்தான். பாதிக்கும் மேற்பட்டவர்கள் எப்போதாவது பார்ப்பேன் என்றார்கள். காரணம் சுலபம், கூடவே இருப்பவருக்குத் தெரிந்த இடம் நமக்கும் தெரிந்திருக்கும், தூரத்தில் இருப்பவருக்குத்தான் வேறு வாசல் தெரியும். அக்காவுக்கு அந்தத் தூரத்து ஆள் நீங்கள். அதோடு, கையில் தொழிலைக் கொடுத்தவரை நான் வீட்டுப் பெரியவராகத்தான் எண்ணுகிறேன். 9 வருடமாக உங்கள் வீட்டு அரிசியில் அவர் சொல்லிக்கொடுத்ததற்கும் பங்கு இருக்கிறது. நெருக்கம் இருந்தால்தான் கடன் என்று நம் வீடுகளில் யாரும் வளர்க்கவில்லை.

சரி, அறிமுகம் எப்படிச் செய்வது? காலேஜ் குரூப்பில் 'பாவம், 2 குழந்தைகள், யாராவது உதவுங்கள்' என்று போட்டுவிடாதீர்கள். அதைப் படிப்பவர்களுக்கு நினைவில் நிற்பது 'பாவம்' மட்டும்தான், அவருக்கு என்ன வேலை தெரியும் என்பது நிற்காது. வேலை போனதை அவர் இன்னும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லாமல் இருக்கலாம், அது அவர் முடிவு, நீங்கள் முந்தக்கூடாது. உங்களுக்குத் தெரிந்தவர்களில் அவர் வேலையை நிஜமாகவே மதிப்பிடத் தெரிந்த 2 பேர் போதும். யார் அந்த 2 பேர் என்று அக்காவிடம் சொல்லி, பேசலாமா என்று கேளுங்கள், தவிர்க்க நினைக்கும் ஆள் யாராவது இருக்கலாம். அவர் சரி என்ற பிறகு அந்த நண்பருக்கு எழுதுங்கள். இப்படி எழுதலாம்:

'எனக்கு டெஸ்டிங் கற்றுக்கொடுத்த லீட் ஒருவர் இப்போது வேலை தேடுகிறார். வங்கி சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இத்தனை வருடம். ரிலீஸுக்கு முந்தின நாள் ராத்திரி, நாங்கள் 5 பேரும் விட்ட வட்டிக் கணக்குப் பிழையை இவர்தான் பிடித்தார். உன் டீமில் இடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, 15 நிமிஷம் பேசுவாயா? சரி என்றால் இணைத்துவிடுகிறேன்.'

வட்டிக் கணக்கு நான் போட்டது, அந்த இடத்தில் நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்று வர வேண்டும். கஷ்டப்படுகிறார் என்ற வரி எங்கேயும் வரக்கூடாது. நண்பர் சரி என்றதும் 2 பேரையும் ஒரே மெயிலில் சேர்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். நண்பர் மறுத்தால் காரணத்தைக் கேட்டு வாங்கி அப்படியே அக்காவிடம் சொல்லுங்கள், 'இவ்வளவு சீனியர் ஆளுக்குச் சம்பளம் கட்டுப்படியாகாது' என்பது போன்ற காரணம் அவருக்கு மிகவும் தேவையான தகவல். உங்கள் கம்பெனியில் அவருக்கு ஏற்ற இடம் இல்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், 'பார்க்கிறேன் அக்கா' என்று இழுக்காதீர்கள். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றால் வெள்ளிக்கிழமை கூப்பிட வேண்டும், பதில் வராவிட்டாலும் வரவில்லை என்று சொல்லவாவது கூப்பிட வேண்டும். வேலை இல்லாமல் வீட்டில் இருப்பவருக்கு ஒவ்வொரு போன் ஒலியும் எப்படிக் கேட்கும் என்று வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

ஒரு மாதம் பேசாமல் இருந்ததற்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு இன்னொரு வாரம் போக்காதீர்கள். 'அக்கா, நீங்க அனுப்பின ரெஸ்யூமேயைப் படிக்காமலே ஃபார்வர்ட் பண்ணிட்டேன், தப்பு என்மேல. இப்ப முழுசா படிச்சேன், மூணு விஷயம் சொல்லணும். நாளைக்கு எத்தனை மணிக்குக் கூப்பிடட்டும்?' என்று அனுப்புங்கள். படித்து முடித்த பிறகு அனுப்புங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.