அவன் சாவியை ஏன் கொடுத்தான்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நீலத்தாடி கதையைச் சமீபத்தில் படித்தேன். ஊருக்குக் கிளம்பும் கணவன் எல்லாச் சாவிகளையும் மனைவியிடம் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு அறையை மட்டும் திறக்காதே என்கிறான். அவள் திறக்கிறாள், மாட்டிக்கொள்கிறாள். பெண்ணுக்கு ஆர்வம் கூடாது என்று மிரட்டவே கட்டிய கதை போலத் தெரிகிறது. அவள் சும்மா இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது, இல்லையா? பிறகு ஏன் இந்தக் கதை இத்தனை காலம் நிலைத்திருக்கிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்களுக்கு அப்படித் தோன்றியதற்குக் காரணம் சார்ல்ஸ் பெரோவேதான். 1697இல் இந்தக் கதையை வெளியிட்டபோது கடைசியில் செய்யுளாக ஒரு நீதியைச் சேர்த்தார். ஆர்வம் தரும் சுகம் அற்பமானது, அதற்குக் கொடுக்கும் விலை பெரியது என்பது அதன் சாரம். அந்தச் செய்யுளைக் கையால் மறைத்துக்கொண்டு கதையை மட்டும் படித்துப் பாருங்கள். கதை வேறு எதையோ சொல்லிக்கொண்டிருப்பது தெரியும்.

கல்யாணத்துக்கு முன்பே நமக்கு ஒரு செய்தி வந்துவிடுகிறது. அவன் ஏற்கெனவே பல பெண்களை மணந்தவன், அவர்கள் என்ன ஆனார்கள் என்று யாருக்கும் தெரியாது. அக்கா தங்கை இருவருமே அவனை மணக்கத் தயங்குகிறார்கள். விருந்து, வேட்டை, ஆட்டம் என்று எட்டு நாள் உபசரித்த பிறகுதான் இளையவள் சம்மதிக்கிறாள். அந்தக் கொண்டாட்டத்தில் முந்தைய மனைவிகளைப் பற்றிய கேள்வியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கதை மட்டும் மறக்கவில்லை. ஒரு மாதம் கழித்து அவன் சாவிக்கொத்தை நீட்டும்போது அதே கேள்வி ஒரு கதவாக அவள் முன் வந்து நிற்கிறது. அவளுடைய ஆர்வம் அற்பமானது என்று எப்படிச் சொல்ல முடியும்? இந்த வீட்டில் தனக்கு முன் வாழ்ந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது அவள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

அடுத்து அந்தச் சாவி. ஆறு வாரப் பயணம் போகிறவன் ரகசிய அறையின் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். அதைத் தனியாக எடுத்துக் காட்டி, அறை எங்கே இருக்கிறது என்றும் சொல்லி, திறந்தால் என் கோபத்துக்கு எல்லையே இருக்காது என்கிறான். ஒளிக்க நினைப்பவன் இப்படிச் செய்வானா? அவனுக்கு அவள் திறக்க வேண்டும். ஆறு வாரம் என்று சொன்னவன் அன்று மாலையே திரும்பிவிடுகிறான். வழியில் கடிதம் வந்தது, போன காரியம் முடிந்துவிட்டது என்கிறான். எனக்கு அந்தக் கடிதத்தில் நம்பிக்கையே இல்லை.

அறைக்குள் நுழையும் இடத்தைப் பெரோ எழுதியிருப்பதைப் பாருங்கள். கீழே ஓடும் அவசரத்தில் படிக்கட்டில் இரண்டு மூன்று முறை கழுத்தை முறித்துக்கொள்ளப் பார்க்கிறாள். கதவருகே வந்ததும் அவன் எச்சரிக்கை நினைவுக்கு வர, கொஞ்ச நேரம் நிற்கிறாள். பிறகு நடுங்கும் கையோடு திறக்கிறாள். முதலில் எதுவும் தெரியவில்லை, ஜன்னல்கள் மூடியிருக்கின்றன. கண் இருட்டுக்குப் பழகியதும் தரை முழுக்க உறைந்த ரத்தம் தெரிகிறது. சுவரோரம் கட்டி வைத்திருக்கும் பெண்களின் உடல்களை அவள் பார்ப்பது அந்த ரத்தத்தில் விழுந்த பிரதிபலிப்பாக. அவள் கண் பழகுவதற்காக நாமும் காத்திருக்கிறோம். படிக்கிறவன் மட்டும் தப்பு செய்யாதவன் என்று ஒதுங்கி நிற்க முடியாது. கதவைத் திறக்காதே என்று நம்மில் யாரும் அவளிடம் சொல்லியிருக்க மாட்டோம்.

கதையின் பாதி வழியிலேயே அறை திறந்துவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். இந்த மாதிரிக் கதை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். கதவைக் கடைசிப் பக்கம் வரை மூடியே வைத்திருக்கிறார்கள். அப்புறம் உள்ளே எது இருந்தாலும் வாசகனுக்குப் போதாது. பெரோ சீக்கிரமே திறந்துவிட்டு, கையிலிருந்து சாவியைக் கீழே விழச் செய்கிறார். அது மந்திரச் சாவி. மணல் போட்டுத் தேய்த்து ஒரு பக்கம் ரத்தக் கறையைப் போக்கினால் மறுபக்கம் வந்துவிடுகிறது. ‘உள்ளே என்ன?’ என்ற கேள்வி முடிந்த அந்தக் கணத்திலேயே ‘அவன் கண்டுபிடித்துவிடுவானா?’ என்ற கேள்வி பிறந்துவிடுகிறது. மறுநாள் காலை அவன் சாவியைக் கேட்கிறான். சின்னச் சாவி எங்கே என்றால் மாடியில் மேஜைமேல் விட்டுவிட்டேன் என்கிறாள். கறை எப்படி வந்தது என்றால் தெரியாது என்கிறாள். பிறகு கோபுரத்தின் மேல் நின்று அண்ணன்மார் வருகிறார்களா என்று பார்க்கும் அக்கா ஆன், கீழே கத்தியோடு கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் கணவன். ஆர்வம் கதையைக் கதவு வரை கொண்டுவந்து சேர்க்கிறது. அங்கிருந்து பயம் அதை இழுத்துக்கொண்டு போகிறது.

கடைசியில் அண்ணன்மார் வந்து அவனைக் கொல்கிறார்கள். சொத்து முழுதும் அவளுக்கு வருகிறது. அதில் ஒரு பங்கில் அக்காவுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறாள், இன்னொரு பங்கில் அண்ணன்மாருக்குப் படைத்தலைவர் பதவி வாங்கித் தருகிறாள், தானும் ஒரு நல்லவனை மணந்துகொள்கிறாள். ஆர்வத்துக்குத் தண்டனை என்றால் இதுவா தண்டனை?

கிரிம் சகோதரர்கள் தொகுத்த ‘ஃபிட்சரின் பறவை’யை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். அதில் மந்திரவாதி மூன்று சகோதரிகளை ஒருவர் பின் ஒருவராகத் தூக்கிப் போகிறான். சாவியோடு ஒரு முட்டையையும் கொடுத்து, எங்கே போனாலும் கையிலேயே வைத்திரு என்கிறான். மூத்தவள் அறையைத் திறக்கிறாள். வெட்டப்பட்ட உடல்கள் கிடக்கும் ரத்தத் தொட்டியில் முட்டை விழுகிறது, கறை போகவில்லை, அவளையும் வெட்டிப் போடுகிறான். இரண்டாமவளுக்கும் அதே கதி. மூன்றாமவள் முட்டையை முதலில் ஓர் இடத்தில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் அறைக்குள் போகிறாள். உள்ளே அக்காக்களின் தலை, உடல், கை, கால் எல்லாவற்றையும் எடுத்து வரிசையாகச் சேர்த்து வைக்கிறாள். அவை ஒட்டிக்கொள்ள, இருவரும் கண் திறக்கிறார்கள்.

மந்திரவாதி திரும்பி வந்து முட்டையைப் பார்க்கிறான். கறை இல்லை. நீ தேறிவிட்டாய், நீதான் மணப்பெண் என்கிறான். அதோடு அவள்மேல் அவனுக்கு இருந்த சக்தியெல்லாம் போய்விடுகிறது. அக்காக்களைக் கூடைக்குள் வைத்துப் பொன்னால் மூடி, அவன் முதுகிலேயே ஏற்றிப் பெற்றோர் வீட்டுக்கு அனுப்புகிறாள். மூன்று பேருமே கதவைத் திறந்தவர்கள்தான், ஆர்வத்தில் யாரும் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. மூன்றாமவள் முட்டையைக் கொண்டுபோகவில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். அவள் திறக்காமல் இருந்திருந்தால் அக்காக்கள் தொட்டியிலேயே கிடந்திருப்பார்கள்.

சும்மா இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது என்றீர்கள். அதற்குப் பெரோவின் கதையிலேயே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். நீலத்தாடியின் முதல் மனைவி கதவைத் திறந்தபோது உள்ளே என்ன இருந்திருக்கும்? அவளுக்கு முன் யாரும் செத்திருக்கவில்லை. திறந்ததற்காகத்தான் அவளைக் கொன்றான் என்றால், அவள் திறந்தது ஒரு வெற்று அறை. மறைக்க எதுவும் இல்லாதபோதே திறக்காதே என்று சொல்லியிருக்கிறான். இல்லை, வேறு எதற்கோ கொன்றான் என்றால், திறக்காமல் இருப்பது யாரையும் காப்பாற்றாது. இதில் எது சரி என்று பெரோ சொல்லவில்லை. ஆனால் எப்படி எடுத்துக்கொண்டாலும் கொலை அவனிடமிருந்துதான் தொடங்குகிறது. அவள் திறக்காமல் இருந்திருந்தால், அதே வீட்டில், அதே ஆளோடு, ஒன்றும் தெரியாமல் அடுத்த பயணம் வரை இருந்திருப்பாள்.